பழைய சுவிட்ச் ஒன்று வீலான்களை எப்படி அழிக்கிறது?

சிஸ்கோ நிறுவனம் தன் விடிபி விளக்க ஆவணத்தில் ஒரு நிகழ்வை எடுத்துக்காட்டாகத் தந்திருக்கிறது. பெரிய நெட்வொர்க் ஒன்றில் புதிதாக ஒரு சுவிட்சைச் சேர்க்கிறார்கள். அது முன்பு ஆய்வுக்கூடத்தில் இருந்த சுவிட்ச். டொமைன் பெயர் சரியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது, கிளையண்ட் முறையில் வைக்கப்பட்டிருக்கிறது. டிரங்க் இணைப்பை உயிர்ப்பித்த சில நொடிகளில் நெட்வொர்க் முழுவதும் படுத்துவிடுகிறது.

இந்த நிகழ்வில் நம்மை உறுத்த வேண்டியது கிளையண்ட் என்ற சொல். சர்வர் சொல்லும், கிளையண்ட் கேட்டுக்கொள்ளும் என்றுதான் பெரும்பாலோர் விடிபியைப் படித்திருக்கிறோம். கேட்க மட்டுமே கடமைப்பட்ட ஒரு சுவிட்ச் சர்வர்களின் பட்டியலை எப்படி அழித்தது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் விடிபியின் முறைகள், அவற்றின் ஆபத்து, தடுக்கும் வழி எல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

முதலில் விடிபி எதற்காக வந்தது என்று பார்ப்போம். ஒரே சுவிட்சைக் கணக்குப் பிரிவுக்கு ஒரு வீலான், தொலைபேசிகளுக்கு ஒரு வீலான், கேமராக்களுக்கு ஒரு வீலான் என்று பிரிக்கிறோம். ஐம்பது சுவிட்சுகள் உள்ள வளாகத்தில் புதிதாக ஒரு வீலான் தேவையென்றால் ஐம்பதிலும் போய் அதை உருவாக்க வேண்டும். அந்த வேலையைக் குறைக்கத்தான் சிஸ்கோ விடிபியைக் கொண்டுவந்தது. ஓரிடத்தில் வீலானை உருவாக்கினால் அதன் எண்ணும் பெயரும் டிரங்க் இணைப்புகள் வழியே மற்ற சுவிட்சுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எந்த போர்ட் எந்த வீலானில் இருக்க வேண்டும் என்பதை விடிபி தொடுவதில்லை. அது அந்தந்த சுவிட்சின் கான்ஃபிகரேஷனிலேயே இருக்கும். பின்னால் மீட்புப் பணியைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு பெரிதும் உதவும்.

சர்வர் முறையில் உள்ள சுவிட்சில் வீலானை உருவாக்கலாம், பெயர் மாற்றலாம், நீக்கலாம். கிளையண்ட் முறையில் உள்ளதில் இவற்றைச் செய்ய முடியாது. கட்டளையைத் தட்டினால் அனுமதியில்லை என்று மறுத்துவிடும். டிரான்ஸ்பரன்ட் முறையில் உள்ள சுவிட்ச் தன் வீலான் பட்டியலைத் தானே வைத்துக்கொள்ளும். வருகிற விடிபி செய்திகளை அடுத்த சுவிட்சுக்குக் கடத்திவிடுமே தவிர, அவற்றைத் தனக்கு எடுத்துக்கொள்ளாது. ஆஃப் முறை இன்னும் ஒரு படி மேலே. அது செய்திகளைக் கடத்துவதுகூட இல்லை.

இந்த விளக்கத்தில் பிழை ஏதுமில்லை, ஆனால் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. சர்வருக்கும் கிளையண்டுக்கும் உள்ள வேறுபாடு, மனிதன் அதில் உட்கார்ந்து மாற்றம் செய்ய முடியுமா முடியாதா என்பதில் மட்டுமே இருக்கிறது. சுவிட்சுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது இரண்டும் ஒன்றுதான். விடிபியின் 1, 2 ஆகிய பதிப்புகளில் கிளையண்டும் தன்னிடமுள்ள பட்டியலை அறிவிக்கிறது. அந்த அறிவிப்பைக் கேட்கும் சர்வர், இது கிளையண்டிடமிருந்து வருகிறதே என்று பார்ப்பதில்லை. அது பார்ப்பது ரிவிஷன் எண்ணை.

ஒவ்வொரு சுவிட்சும் தன் வீலான் பட்டியலோடு 32 பிட் எண் ஒன்றை வைத்திருக்கிறது. சர்வரில் வீலான் ஒன்றை உருவாக்கினால் அந்த எண் ஒன்று கூடும். நீக்கினாலும் ஒன்று கூடும். பெயரை மாற்றினாலும் கூடும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும், மாற்றமே இல்லாவிட்டாலும் 300 நொடிக்கு ஒருமுறையும், சுவிட்ச் ஒரு சுருக்க அறிவிப்பை டிரங்குகளில் அனுப்புகிறது. டொமைன் பெயர், ரிவிஷன் எண், கடைசியாக மாற்றிய சுவிட்சின் ஐபி முகவரி, மாற்றிய நேரம், எம்டி5 சரிபார்ப்புத் தொகை ஆகியவை அதில் இருக்கும். பெறுகிற சுவிட்ச் டொமைன் பெயரை ஒப்பிடும். பெயர் ஒத்துப்போய், வந்த எண் தன்னுடையதைவிடப் பெரிதாகவும் இருந்தால் முழுப் பட்டியலையும் அனுப்பச் சொல்லிக் கேட்கும். வந்ததும் தன்னிடம் இருந்ததைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளும். இரண்டு பட்டியலையும் சேர்த்துப் பார்ப்பது, இல்லாததை மட்டும் கூட்டிக்கொள்வது என்பதெல்லாம் கிடையாது. வந்த பட்டியலில் இல்லாத வீலான், இனி இந்த சுவிட்சிலும் இல்லை.

ஆக, ரிவிஷன் எண் எத்தனை முறை கை வைக்கப்பட்டது என்பதன் எண்ணிக்கைதான். எது புதியது, எது சரியானது என்பது அதற்குத் தெரியாது. ஒரே டொமைனுக்குள் எல்லா சுவிட்சுகளும் எப்போதும் இணைந்தே இருக்கும்வரை பெரிய எண்தான் புதிய பட்டியல் என்பது உண்மையாகவே இருக்கும். ஒரு சுவிட்ச் பிரிந்துபோய், வேறிடத்தில் மாற்றப்பட்டு, பிறகு திரும்பி வந்தால் அந்தச் சமன்பாடு உடைந்துவிடுகிறது. அலமாரியில் பத்தாண்டு சும்மா கிடந்த சுவிட்சால் ஆபத்தில்லை. அதன் எண் பின்தங்கியே இருக்கும். இணைத்ததும் அதுதான் மற்றவற்றின் பட்டியலை ஏற்கும். பிரிந்திருந்த காலத்தில் யாரேனும் சோதனைக்காகப் பயன்படுத்திய சுவிட்ச்தான் ஆபத்தானது.

ஒரு மாதிரி நெட்வொர்க்கை வைத்து இதைப் படிப்படியாகப் பார்க்கலாம். டொமைன் பெயர் `OFFICE`. நடுவில் கேட்டலிஸ்ட் 3560 ஒன்று, சர்வர் முறையில். மாடிதோறும் 2960 சுவிட்சுகள், கிளையண்ட் முறையில். வீலான்கள் 10, 20, 30, 40. ரிவிஷன் எண் 31. முன்பு இதே நெட்வொர்க்கில் எண் 24 ஆக இருந்தபோது 2950 வகை சுவிட்ச் ஒன்றைக் கழற்றி ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே பயிற்சிக்கு வந்தவர்கள் அதை சர்வர் முறையில் வைத்துப் பழைய நான்கு வீலான்களை நீக்கினார்கள். பிறகு பலவற்றை உருவாக்கி அழித்தார்கள். இப்போது அதில் மிச்சம் 100, 101 என்ற இரண்டு சோதனை வீலான்கள். ரிவிஷன் எண் 58.

ஒருநாள் மூன்றாம் மாடியில் போர்ட் போதவில்லை. 2950ஐ எடுத்து வருகிறார்கள். பொறுப்புள்ள பொறியாளர் என்பதால் முதலில் `write erase` கொடுத்து, `reload` செய்து, கான்ஃபிகரேஷன் காலியாகிவிட்டதைப் பார்த்து நிம்மதி அடைகிறார். அந்த நிம்மதிதான் பொறி. `write erase` அழிப்பது ஸ்டார்ட்அப் கான்ஃபிகரேஷனை மட்டும். வீலான் பட்டியல் ஃபிளாஷ் நினைவகத்தில் `vlan.dat` என்ற தனிக் கோப்பில் இருக்கிறது. சர்வர், கிளையண்ட் முறைகளில் டொமைன் பெயர், முறை, கடவுச்சொல், ரிவிஷன் எண் எல்லாமே அந்தக் கோப்பில்தான். மேலோட்டமாகப் பார்த்தால் சுவிட்ச் புதிதுபோல் தெரியும். உள்ளே `OFFICE` என்ற பெயரும் 58 என்ற எண்ணும் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது டிரங்க். விடிபி டிரங்கில் மட்டுமே பயணிக்கும். இங்கே யாரும் டிரங்க் அமைக்கவே இல்லையே என்று தோன்றலாம். ஆனால் 2950இன் போர்ட் இயல்பாக டைனமிக் டிசையரபிள் நிலையில் இருக்கும். எதிரே டிரங்க் பேச ஆள் இருக்கிறதா என்று அதுவே கேட்கும். 2960இன் போர்ட் இயல்பாக டைனமிக் ஆட்டோ. அது கேட்காது, கேட்டால் சம்மதிக்கும். இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்தால் யாரும் ஒரு கட்டளையும் தட்டாமலேயே டிரங்க் உருவாகிவிடும். இந்தப் பேச்சுவார்த்தையில் இரு பக்கமும் விடிபி டொமைன் பெயர் ஒத்திருக்க வேண்டும் என்பது விதி. இங்கே அதுவும் ஒத்துப்போகிறது.

டிரங்க் எழுந்ததும் 2950 தன் 58ஐ அறிவிக்கிறது. மாடி சுவிட்ச் 31ஐ வைத்திருப்பதால் முழுப் பட்டியலையும் கேட்டு வாங்கி, தன்னுடையதை மாற்றி, தன் மற்ற டிரங்குகளிலும் 58ஐ அறிவிக்கிறது. நடுவில் இருக்கும் 3560 சர்வரும் அதையே செய்கிறது. வீலான் 10, 20, 30, 40 எங்குமே இல்லை. அவற்றில் இருந்த ஒவ்வொரு போர்ட்டும் செயலற்றுப்போகிறது. 3560இல் அந்த வீலான்களுக்கான லேயர் 3 இடைமுகங்கள் கீழே விழுகின்றன. தொலைபேசி இணைப்புகள் அறுந்துபோகின்றன. நிர்வாகத்துக்கென வைத்திருந்த வீலானும் போயிருந்தால் தொலைவிலிருந்து எந்த சுவிட்சிலும் நுழைய முடியாது. கன்சோல் கேபிளோடு மாடிமாடியாக ஓட வேண்டியதுதான்.

இந்த நிலையில் முதல் சந்தேகம் பெரும்பாலும் ஸ்பானிங் ட்ரீ லூப்பின் மேல் விழும். வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுபோல் இருப்பதே காரணம். பிரித்தறிய எளிய வழி உண்டு. லூப் என்றால் டிராஃபிக் வெள்ளமாகப் பாயும், விளக்குகள் எல்லாம் ஒரே வேகத்தில் மின்னும், சிபியு ஏறும். வீலான் அழிந்தால் அதற்கு நேர்மாறான அமைதி. `show interfaces switchport` கொடுத்தால் அக்சஸ் வீலான் எண்ணுக்குப் பக்கத்திலேயே விடை நிற்கும்:

```
Access Mode VLAN: 20 (Inactive)
```

அதன்பின் `show vtp status`. நம் மாதிரியில் 3560இல் முக்கிய வரிகள் இப்படி இருக்கும்:

```
Configuration Revision          : 58
Number of existing VLANs        : 7
VTP Operating Mode              : Server
VTP Domain Name                 : OFFICE
Configuration last modified by 0.0.0.0 at 3-1-93 00:41:07
```

ஏழு என்பது அழிக்க முடியாத ஐந்தும் (1, 1002 முதல் 1005 வரை) ஆய்வுக்கூடத்தின் இரண்டும். கடைசி வரிதான் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கிறது. யார் எப்போது கடைசியாக மாற்றினார் என்ற விவரம் பட்டியலோடு சேர்ந்தே பயணிக்கும். 1993 மார்ச் 1 என்பது நேரம் அமைக்கப்படாத பழைய கேட்டலிஸ்ட் சுவிட்சுகள் கடிகாரத்தைத் தொடங்கும் நாள். 0.0.0.0 என்றால் அந்த மாற்றத்தைச் செய்தபோது அந்த சுவிட்சுக்கு ஐபி முகவரியே இல்லை என்று பொருள். முகவரியில்லாத, நேரம் அமைக்கப்படாத ஒரு சுவிட்ச் உங்கள் நெட்வொர்க்கின் வீலான் பட்டியலை எழுதியிருக்கிறது என்றால், அது ஆய்வுக்கூட மேசையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

இனி மீட்பு. பழைய சுவிட்சின் கேபிளைப் பிடுங்கினால் எல்லாம் திரும்பிவிடும் என்பது முதல் ஏமாற்றம். அதன் பட்டியல் ஏற்கெனவே எல்லா சுவிட்சுகளின் சொந்தப் பட்டியலாகிவிட்டது. கேபிளை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் அதனால் எதுவும் திரும்பி வராது. முந்தைய நிலைக்குத் திரும்பும் கட்டளையும் விடிபியில் இல்லை.

இரண்டாவது ஏமாற்றம் காப்புப் பிரதி. தினமும் இரவில் எல்லா சுவிட்சுகளின் கான்ஃபிகரேஷனையும் சேமித்துவைக்கும் இடங்கள் உண்டு. சர்வர், கிளையண்ட் முறைகளில் 1 முதல் 1005 வரையிலான வீலான்கள் `show running-config` வெளியீட்டில் வருவதே இல்லை. அவை `vlan.dat` கோப்பில் மட்டும்தான். எத்தனை ஆண்டு காப்புப் பிரதி எடுத்திருந்தாலும் வீலான் பெயர்கள் அதில் இல்லாமல் போகலாம்.

சரி, யாரோ முன்யோசனையோடு `vlan.dat` கோப்பையே சேமித்துவைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை 3560இல் போட்டு மறுதொடக்கம் செய்கிறார்கள். அந்தக் கோப்புக்குள் இருக்கும் ரிவிஷன் எண் 31. சுற்றிலும் உள்ள மாடி சுவிட்சுகள் 58இல் நிற்கின்றன. 3560 எழுந்து டிரங்குகள் உயிர்பெற்றதும் மீண்டும் 58இன் பட்டியலையே வாங்கிக்கொள்ளும். மீட்டது கண்முன்னே மறுபடியும் அழியும். என் கருத்தில் விடிபியை ஆழமாகப் படிக்காதவர்களை இந்த விபத்தில் அதிகம் குழப்புவது இந்தக் கட்டம்தான்.

வேலை செய்யும் வழி எளியது. 58இல் நிற்கும் அதே சர்வரில் வீலான்களைக் கையால் மறுபடி உருவாக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் எண்ணை 58க்கு மேலே கொண்டுபோவதால் சரியான பட்டியல் இப்போது வென்று எல்லா இடத்துக்கும் பரவும். எந்தெந்த எண்கள் என்று தெரியாவிட்டால் ஒவ்வொரு சுவிட்சிலும் இதைக் கேட்கலாம்:

```
show running-config | include access vlan
```

போர்ட்டுகளின் வீலான் ஒதுக்கீட்டை விடிபி தொடுவதில்லை என்று மேலே சொன்னது இங்கே கைகொடுக்கிறது. `switchport access vlan 20` என்ற வரி கான்ஃபிகரேஷனில் அப்படியே இருக்கிறது. வீலான் 20 பிறந்த கணமே அந்த போர்ட்டுகள் தாமாக எழுந்துகொள்ளும். 3560இல் உள்ள `interface Vlan` வரிகளும் எண்களைச் சொல்லும். பெயர்கள் வேண்டுமானால் ஆவணத்திலோ நினைவிலோ தேட வேண்டியிருக்கும். முதலில் எண்களை உருவாக்கிச் சேவையை மீட்டுவிட்டுப் பெயர்களைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வழக்கமாகச் சொல்லப்படும் தடுப்பு வழிகள் எல்லாம் ஒரே அளவு வலுவானவை அல்ல. விடிபி கடவுச்சொல் வைத்தால் போதும் என்பார்கள். கடவுச்சொல் எம்டி5 தொகையில் கலக்கப்படுவதால், அது தெரியாத அந்நிய சுவிட்சின் அறிவிப்பு நிராகரிக்கப்படும். ஆனால் நம் கதையில் வந்தது அந்நியம் இல்லை. இதே நெட்வொர்க்கில் வாழ்ந்த சுவிட்ச். கடவுச்சொல்லும் அதன் `vlan.dat` கோப்பிலேயே இருக்கிறது, `write erase` அதைத் தொடவில்லை. டிரங்கில் வீலான் 1ஐத் தடுத்துவைத்தால் விடிபி நின்றுவிடும் என்று நம்புவோரும் உண்டு. அதுவும் உதவாது. அனுமதிப் பட்டியலிலிருந்து வீலான் 1ஐ நீக்கினாலும் விடிபி போன்ற கட்டுப்பாட்டுச் செய்திகள் தொடர்ந்து போகும்.

உண்மையில் பயன் தருவது, கணினிகளுக்கான போர்ட்டுகளை `switchport mode access` என்று உறுதியாக வைப்பது. அங்கே டிரங்க் எழவே எழாது, எனவே விடிபியும் வராது. அதோடு பிபிடியு கார்டும் இருந்தால் யாரோ சுவிட்சைச் செருகிய கணமே போர்ட் முடங்கிவிடும். டிரங்க் போர்ட்டில் வேண்டுமென்றே இணைக்கும்போது இவை காப்பாற்றாது. அதற்கு ஒரே வழி, இணைப்பதற்கு முன் அந்த சுவிட்சின் எண்ணைச் சுழியமாக்குவது. தனியாகக் கன்சோலில் வைத்துக்கொண்டு கோப்பையே நீக்கலாம்:

```
delete flash:vlan.dat
reload
```

மறுதொடக்கம் செய்யாமல் செய்ய வேண்டுமானால் `vtp mode transparent` கொடுத்து, தேவைப்பட்டால் மறுபடி கிளையண்டுக்கு மாற்றலாம். டிரான்ஸ்பரன்ட் முறையில் எண் எப்போதும் 0தான். டொமைன் பெயரை வேறொன்றாக மாற்றி மீண்டும் பழையதாக்கினாலும் எண் 0க்குத் திரும்பும். சர்வரிலிருந்து கிளையண்டுக்கு மாற்றுவது மட்டும் எண்ணைத் தொடாது. சிஸ்கோவின் எடுத்துக்காட்டில் கிளையண்டாக வந்த சுவிட்ச் எல்லாவற்றையும் அழித்ததன் மர்மம் இதில் தீர்கிறது. ஆய்வுக்கூடத்தில் சர்வராக இருந்து எண்ணை ஏற்றிக்கொண்டு, பிறகு கிளையண்டாக மாற்றப்பட்ட சுவிட்ச் அந்த எண்ணைச் சுமந்துகொண்டே வரும்.

விடிபியின் மூன்றாம் பதிப்பு இந்தக் குறையின் வேரைத் தொட்டது. அதில் சர்வராக இருந்தால் மட்டும் போதாது, முதன்மை சர்வராக வேண்டும். அதற்கு `vtp primary vlan` என்ற கட்டளையைக் கொடுத்து, கேட்கப்படும் கேள்விக்கு உறுதி சொல்ல வேண்டும். எந்த முதன்மை சர்வரிடமிருந்து வந்தது என்ற அடையாளமும் பட்டியலோடு சேர்ந்தே போகிறது. அடையாளம் வேறாக இருந்தால் எண் எவ்வளவு பெரிதானாலும் சுவிட்ச் ஏற்காது. இரண்டு சுவிட்சுகளும் முரண்பட்ட நிலையில் தனித்தனியே நிற்கும். பழைய பதிப்பு பேசும் சுவிட்சிடமிருந்து வரும் பட்டியலையும் மூன்றாம் பதிப்பு எடுத்துக்கொள்ளாது. நம் 2950 அந்த வாசலிலேயே நின்றுவிடும். கடவுச்சொல்லை மறைத்துவைக்கவும், 1005க்கு மேற்பட்ட வீலான்களைப் பரப்பவும், குறிப்பிட்ட போர்ட்டில் மட்டும் விடிபியை நிறுத்தவும் இதில் வழியிருக்கிறது. முதன்மை சர்வரையே கழற்றி வெளியே கொண்டுபோய் மாற்றித் திரும்பக் கொண்டுவந்தால் அடையாளம் ஒன்றாகவே இருக்கும். அந்த ஒரு குறுகிய பாதை மட்டும் இன்னும் திறந்திருக்கிறது. ஆனால் மூன்றாம் பதிப்பு தானாக வருவதில்லை. பல கேட்டலிஸ்ட் சுவிட்சுகள் பெட்டியிலிருந்து எடுக்கும்போது முதல் பதிப்பில், சர்வர் முறையில், டொமைன் பெயரில்லாமல் இருக்கின்றன. பெயரில்லாத சுவிட்ச் முதலில் காதில் விழும் டொமைன் பெயரைத் தானாக எடுத்துக்கொள்ளும். இப்படித்தான் யாரும் திட்டமிடாமலேயே ஒரு வளாகம் முழுவதும் சர்வர்களாக நிறைந்துபோகிறது.

என் தீர்ப்பு இது. ஆண்டுக்குச் சில முறை மட்டும் வீலான் மாறும் நெட்வொர்க்கில் விடிபியின் பயன் அதன் ஆபத்துக்கு ஈடாகாது. எல்லா சுவிட்சுகளையும் டிரான்ஸ்பரன்ட் அல்லது ஆஃப் முறைக்கு மாற்றிவிடுங்கள். டிரான்ஸ்பரன்ட் முறையில் வீலான்கள் கான்ஃபிகரேஷனிலேயே வந்துவிடுவதால் இரவுக் காப்புப் பிரதியும் அப்போதுதான் முழுமையாகும். நூற்றுக்கணக்கான சுவிட்சுகளில் வீலான் அடிக்கடி மாறுகிறது என்றால் மூன்றாம் பதிப்பைப் பயன்படுத்துங்கள். 1, 2 ஆகிய பதிப்புகளில் சர்வரும் கிளையண்டுமாக ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க் எதையும் அப்படியே விட்டுவைக்க வேண்டாம். அந்த மாற்றம் முடியும்வரை, எந்தப் பழைய சுவிட்சானாலும் கேபிளைச் செருகும் முன் கன்சோலில் `show vtp status` கொடுத்து ரிவிஷன் எண் 0 என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.